கழுத்துக்குக் கீழே

எங்கள் நாட்டில் உத்தியோகம் தேடுகின்றவர்கள் தயாரிக்கும் சுயவிபரக்கோவையின் இறுதியில், கையொப்பத்துக்குச் சற்று மேலே, இங்கு தரப்பட்ட விபரங்கள் யாவும் நான் அறிந்தவரையில் உண்மையானவை என உறுதிகூறுகிறேன் என்று பொருள்படும் ஒரு வாக்கியம், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எவரும் ஊன்றிப் படிக்காத ஒரு சம்பிரதாயமாக இடம்பெற்றிருக்கும். அதே கோவையின் முதற் பக்கத்து வலது மேல் மூலையில், 3.5 சென்ரிமீற்றர் அகலமும் 4.5 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட சிறு கட்டத்துக்குள், ஒரு முகம் இருக்கும். அந்த முகத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டும், வெள்ளைச் சேட்டும், கருநீல ரையும் இருக்கும். நெடுங்கேணியிலிருந்து புறப்படும் இத்தகைய கோவைகள் பலவற்றை, ஆங்கிலம் சரிதானா என்று பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவருகின்ற பிள்ளைகளின் பொருட்டு நான் வாசிக்க நேர்ந்திருக்கிறது. பெறுபேறுகளையும் விலாசத்தையும் உறவினரல்லாத இரு சான்றாளர்களின் பெயர்களையும் சரிபார்த்துக்கொண்டு அந்த இறுதி வாக்கியத்தை அடையும்போதெல்லாம், அதன் அதிகாரம் பக்கங்களைத் தாண்டி மேலேறி அந்த வலது மூலைவரைக்கும் செல்லுமா, அல்லது எழுத்துக்களோடு நின்றுவிடுமா என்னும் ஐயம் எனக்குள் எழுந்து, தீர்க்கப்படாமலே தங்கிவிடுகிறது. ஏனெனில் அந்தக் கோட்டை அந்தப் பிள்ளை ஒருநாளும் அணிந்ததில்லை. அணிந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், படத்தை ஆக்கிய ஸ்ரூடியோக்காரருக்குத் தெரியும். கொழும்பிலோ வவுனியாவிலோ மேசைக்கு அப்பால் இருந்து அதைப் பார்க்கப் போகிறவருக்கும் அநேகமாகத் தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எப்படிப் பொய்யாகும் என்று கேட்பது நியாயமே. புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் தெருவில், வெய்யிலும் புழுதியுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில், கோட் அணிந்த மனிதரைக் காண்பது அபூர்வம். கலியாண வரவேற்பில் மணமகன் அணிவார். நீதிமன்றுக்குச் செல்லும் சட்டத்தரணி அணிவார். ஞாயிற்றுக்கிழமையில் சில போதகர்கள் அணிவர். பிரதேச செயலகத்தின் உயர் உத்தியோகத்தர்கூட நீளக்கைச் சேட்டும் களிசானுமாகவே கதிரையில் அமர்ந்திருப்பார். ஆகவே விண்ணப்பப் படத்தில் உள்ள கோட், விண்ணப்பதாரர் செல்லப்போகும் அலுவலகத்தின் உடையுமன்று, அவர் விட்டுவரும் வீட்டின் உடையுமன்று; கடிதத்தின் முடிவில் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று எழுதுகின்றவன் உண்மையில் எவருக்கும் கீழ்ப்படிந்திருக்க வேண்டியதில்லை என்பதுபோல, அந்த உடையும் ஒரு மரியாதை வசனமாக நின்று, நான் இவ்விஷயத்தைக் கௌரவமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மாத்திரமே சொல்கிறது. இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் என் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அது நிற்பதில்லை.

முன்னொரு காலத்தில் ஸ்ரூடியோக்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியொன்றில் ஒரு கோட் தொங்கும். ஊரிலுள்ள எல்லாத் தோள்களுக்கும் அது ஒன்றே. இலாஸ்ரிக் கோத்த ரையொன்று கழுத்தில் மாட்டத் தயாராக அதன் பையில் சுருண்டு கிடக்கும். மெலிந்தவன் அணிந்தால் முதுகுப்புறத்தில் உடுப்புக்கொழுவும் கிளிப்பினால் இழுத்துப் பிடிப்பார்கள். பருத்தவன் அணிந்தால் பொத்தானைப் பூட்டாமல் விட்டுவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே சாரம் இருக்கும், அது படத்தில் விழாது. பலருடைய வியர்வையும் பவுடரும் ஊறிய அந்தக் கோட்டின் வாடை, அதை ஒருமுறை அணிந்தவருக்கு மறக்காது. இன்றைய ஒட்டுக்கோட்டோடு ஒப்பிட்டு, அது மெய், இது பொய் என்று தீர்ப்புச் சொல்லவே என் மனம் முதலில் விரும்பியது. அந்த உடலாவது அந்த உடைக்குள் இரண்டு நிமிஷம் இருந்ததே என்று வாதித்துப் பார்த்தேன். வாதம் பலவீனமானது. படத்தைப் பார்க்கின்றவருக்கு அந்த இரண்டு நிமிஷத்தால் தெரியவருவது யாது? இரவல் கோட் அணிந்தவனும் கோட்டே அணியாதவனும் அவருக்கு ஒருவரே. எனினும் ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. அது நான் தேடிய இடத்தில் இல்லை. பழைய கோட் அணிந்தவனின் தோளுக்குப் பொருந்தாது. மணிக்கட்டை மூடும், கழுத்தில் விலகி நிற்கும், மார்பில் சுருங்கும். கமரா அந்தப் பொருத்தமின்மையையும் சேர்த்தே பதிவுசெய்தது. இரவல் என்பதற்கான சாட்சியம் படத்துக்குள்ளேயே இருந்தது. கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர் அதைப் படித்துக்கொள்ளலாம். கணினியில் வைக்கப்படும் கோட் எல்லாருக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. இரவல் வாங்கியதன் அடையாளம் அழிந்துபோகும்போதே, மரியாதை வசனம் ஒன்று மெல்லத் தகவலாக மாறத் தொடங்குகிறது.

அந்த மாற்றம் எவ்விதம் நிகழ்கிறது என்பதை, வேலையின் படிகளைப் பின்தொடர்ந்து பார்த்தாலன்றி உணர முடியாது. லீசிங் கம்பனியொன்றின் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கவிருந்த ஒரு பையனும் அவனுடைய தாயும் ஸ்ரூடியோவில் இருந்தபோது நானும் பிறிதொரு அலுவலாக அங்கிருந்தேன். பையன் சிவப்பு ரீசேட் அணிந்திருந்தான். புதிதாக எடுக்கக் காசில்லை என்றோ, நேரமில்லை என்றோ, கைத்தொலைபேசியில் தானே எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். "தம்பி, ரீசேட்டோட கிடக்கு. கோட் வைச்சு விடட்டோ?" என்று கேட்டார் ஸ்ரூடியோக்காரர். "வையுங்கோ அண்ணை, ரையும் சேர்த்து" என்றான் அவன். கணினியில் ஒரு கோப்புறை திறந்தது. அதற்குள் தலையில்லாத கோட்டுகள் வரிசையாக நின்றன. கறுப்பு, சாம்பல், கருநீலம், பூட்டியது, பூட்டாதது, ரை கட்டியது, கட்டாதது. ஸ்ரூடியோக்காரர் முதலில் பையனின் முகத்தை, தலைமயிரின் ஓரத்திலிருந்து காதைச் சுற்றித் தாடைவழியாக இறங்கி, கழுத்தின் பாதிவரை கோடிட்டு வெட்டினார். கழுத்தைத் தாராளமாக விட்டு வெட்டவேண்டும் என்பதும், சேட்டின் கொலர் கழுத்துக்கு முன்னால் ஒரு படையாகவும் கோட்டின் பின்கொலர் கழுத்துக்குப் பின்னால் இன்னொரு படையாகவும் நிற்கவேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. இடையில் கழுத்தைச் செருகாமல் மேலே வைத்தால், பூச்சாடியின் விளிம்பில் தலை இருத்தப்பட்டதுபோலத் தோன்றும். பிறகு அளவு. கோட் அணிந்த ஆணின் தோளகலம் தலையகலத்தின் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கவேண்டும். தலை சற்றுப் பெரிதானாலும் பொம்மை, சற்றுச் சிறிதானாலும் மல்லன். கை நீட்டும் தூரத்தில் எடுத்த தொலைபேசிப் படத்தில் மூக்கு முன்வந்து காதுகள் பின்வாங்கியிருக்கும். கோட்டின் படமோ இரண்டு மூன்று மீற்றர் தள்ளிநின்று எடுக்கப்பட்டது. இவ்விரண்டு தூரங்களையும் எந்த அளவு மாற்றத்தாலும் சமன்செய்ய முடியாது. அதனால் தலை எப்போதும் உடலைவிட ஒரு சாண் முன்னால் மிதப்பதுபோலவே இருக்கும்.

இவ்வளவும் கழுத்துக்குக் கீழே நடந்தவை. அடுத்ததாக நடந்தவை கழுத்துக்கு மேலே. பையனின் தாடையின் அடிப்பாகத்தில் செம்மை படர்ந்திருந்தது. ரீசேட்டில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தின் நிறம் அது. ரீசேட் போய்விட்டது, அதன் நிறம் தாடையில் தங்கிவிட்டது. வெள்ளைக் கொலருக்கு மேலே சிவந்த தாடை பொருந்தாது; ஆகவே அந்தச் செம்மையைக் கழுவினார். இப்போது வெள்ளைக் கொலர் முகத்தோடு நேரே முட்டியது. மிகப் பிரகாசமான ஒன்றின் அருகில் வைக்கப்படும் எதுவும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும் என்பது கண்ணின் இயல்பு. பையனின் முகம், ஒரு நிமிஷத்துக்கு முன் இருந்த அதே முகம், திடீரெனக் கறுத்துப்போனதாக நால்வருக்கும் தோன்றியது. "கொஞ்சம் வெளிச்சம் குடுப்பம்" என்று முகத்தை வெளுக்கச் செய்தார். வெளுத்தபோது மேலுதட்டின் நிழலும், கன்னத்துப் பருக்குழிகளும் துலாம்பரமாயின. அவற்றையும் தடவிவிட்டார். பிறகு வலதுபுருவத்தின் மேலே ஒரு தழும்பு எஞ்சியது. நான்கு சென்ரிமீற்றர் நீளமிருக்கும், புருவமயிரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நெற்றியில் ஏறியிருந்தது. எங்கள் பக்கத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் உடலில் இத்தகைய தழும்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. "அதையும் எடுத்துவிடட்டோ?" என்றார் ஸ்ரூடியோக்காரர். பையன் தாயைப் பார்த்தான். தாய், "அது கிடக்கட்டும், பிறகு நேர்ல பாக்கேக்க என்ன நினைப்பினம்" என்றாள்.

இந்தத் தொடரில் எந்த ஒரு படியும் வஞ்சகத்தால் எடுத்து வைக்கப்பட்டதன்று என்பதையே நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். ஒவ்வொன்றும் முந்தியதன் தேவையாக வந்தது. கோட் வெள்ளைக் கொலரைக் கேட்டது. கொலர் வெளுப்பைக் கேட்டது. வெளுப்பு மிருதுவைக் கேட்டது. மிருதுவான முகத்தில் தழும்பு தனித்துத் தெரிந்தது. உடையை மாற்றுவதோடு நிற்பேன் என்று தொடங்குகின்றவர், எந்த இடத்தில் முகத்தை மாற்றத் தொடங்கினார் என்பதைத் தாமே அறியமாட்டார். பையனின் நிறத்தை ஓரிரு படி ஏற்றியது யாருடைய விருப்பம் என்று கேட்டால், நால்வரும் கோட்டையே கைகாட்டியிருப்போம். கறுப்பு நிறத்தைப் பற்றிய எங்கள் சமூகத்தின் பழைய தாழ்வுணர்ச்சி, கொலரின் வெண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன்னை ஒரு தொழில்நுட்பத் தேவையாகக் காட்டிக்கொள்கிறது. என் அபிப்பிராயத்தில் மயக்கம் தொடங்கும் முதல் எல்லை இதுதான்: கோட்டை எல்லாரும் மரியாதை வசனமாக வாசிப்பர், முகத்தின் நிறத்தை எவரும் அவ்விதம் வாசிப்பதில்லை. தழும்பைப் பற்றி எனக்கு இவ்வளவு நிச்சயமில்லை. அதை மறைக்க அவனுக்கு உரிமை உண்டு என்றும், நேர்முகத் தேர்வில் இது எப்படி வந்தது, அப்போது எங்கே இருந்தீர் என்னும் கேள்விகளிலிருந்து, படம் பார்க்கும் கட்டத்திலாவது, ஒருவன் தன்னைக் காத்துக்கொள்வதில் பிழையில்லை என்றும் ஒரு பகுதி மனம் சொல்கிறது. அந்தத் தாயின் சொல்லோ நியாய அநியாயத்தைப் பற்றியதாக இருக்கவில்லை; படத்தைப் பார்த்தவர் பிறகு ஆளைப் பார்ப்பார், அந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையில் தன் மகன் சங்கடப்படக்கூடாது என்பதே அவளுடைய கணக்கு. அதைவிடச் சிறந்த அளவுகோலை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தலையொன்றும் உடலொன்றுமாகப் படம் அமைப்பது கணினியோடு வந்த வித்தையன்று. அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுடைய மிகப் பிரசித்தமான முழுவுருவச் சித்திரங்களில் ஒன்று, கம்பீரமான அங்கியோடு, மேசைமேல் உள்ள பத்திரங்களில் கைவைத்து நிற்பதாக, பல தசாப்தங்களாக அந்நாட்டுச் சுவர்களை அலங்கரித்தது. லிங்கன் நெடிய, ஒடுங்கிய, உடை நேர்த்தியில் அக்கறையற்ற மனிதர். வீரத் தோரணையில் நிற்கும் படம் அவருக்கு வேண்டியபோது, ஜோன் கல்ஹூன் என்பவருக்காக 1852 அளவில் செதுக்கப்பட்ட அச்சுப்படமொன்றின் உடலில் லிங்கனின் புகைப்படத் தலை பொருத்தப்பட்டது. கல்ஹூன், அடிமைமுறையை வாழ்நாள் முழுதும் ஆதரித்து வாதிட்ட அரசியல்வாதி. அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தைச் செய்தவரின் தலை அவருடைய தோள்களில் அமர்ந்ததைவிடக் கசப்பான பரிகாசத்தைக் கற்பிக்க முடியாது. மேசையில் உள்ள தாள்களின் வாசகங்களையும் மறவாமல் மாற்றினார்கள். மாநிலங்களின் இறைமை என்றிருந்த இடத்தில் விடுதலைப் பிரகடனம் என்று வந்தது. இந்த மோசடியை வெளிப்படுத்தியவர் ஸ்ரெஃபான் லொரான்ற் என்னும் பத்திரிகையாசிரியர். அவருக்குத் துப்புக் கொடுத்தது லிங்கனின் கன்னத்து மச்சம். அது மறுபக்கத்தில் இருந்தது. கல்ஹூனின் உடல் திரும்பியிருந்த திசைக்குத் தலையைப் பொருத்தும்பொருட்டுப் புகைப்படத்தை இடம்வலமாகப் புரட்டியிருந்தார்கள்.

நெடுங்கேணிப் படங்களிலும் அதே தவறே மிகுதியாக நிகழ்கிறது என்பதை அறிந்தபோது, மனிதரின் அவசரம் எங்கும் எக்காலமும் ஒன்றுதான் என்று எண்ணினேன். கைத்தொலைபேசியின் முன்கமரா சில அமைப்புக்களில் கண்ணாடியைப் போலப் புரட்டிய முகத்தைச் சேமிக்கும். இடக்கன்ன மச்சம் வலக்கன்னத்துக்குப் போய்விடும். வேறு சிலவேளை முகத்தில் வெளிச்சம் வலதுபுறத்திலிருந்து விழ, கோட்டில் இடதுபுறத்திலிருந்து விழுந்திருக்கும். இரண்டையும் ஒப்பச்செய்யக் கோட்டைப் புரட்டுவார்கள். கோட்டின் மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கத்திலேயே தைக்கப்படுவது. ஆண்களின் கோட் இடப்புறம் மேலாக வலப்புறத்தின்மீது மடிந்து பூட்டப்படுவது. படத்தில் பை வலப்பக்கம் வந்திருந்தால் கோட் புரட்டப்பட்டது என்று கொள்ளலாம். கழுத்தடியில் நாடியின் நிழல் கொலரில் விழவேண்டும். விழாத படங்கள் பல. முகம் மங்கலாகவும் கோட்டின் நூலிழை துல்லியமாகவும் இருந்தால், இரண்டும் ஒரே கமராவுக்கு முன்னால் இருந்தவையல்ல. தாளில் அச்சிட்டு ஒட்டிய காலத்தில் இந்தக் குறைகள் சிறு கட்டத்துக்குள் அடங்கிப்போயின. இப்போது கோவை மின்னஞ்சலில் செல்கிறது, பார்ப்பவர் திரையில் அதை நாலு மடங்கு பெருப்பித்துப் பார்க்கிறார். கௌரவமாகத் தோன்றவேண்டும் என்று வைத்த கோட், பொருந்தாக் கழுத்தினால் விண்ணப்பதாரரைக் கேலிக்குள்ளாக்குவதைவிட, அந்தச் சிவப்பு ரீசேட்டே மேலாக இருந்திருக்கும். அல்லது வீட்டில் உள்ள வெளிர்நிறச் சேட்டொன்றை ஸ்திரிக்கை போட்டு அணிந்து, நிழலான திண்ணையில் இன்னொருவரைக் கொண்டு இரண்டு மீற்றர் தள்ளிநின்று எடுப்பித்திருக்கலாம்.

அதே ஸ்ரூடியோவில், அதே முக்காலியில், அதே கமராவுக்கு முன்னால் இன்னொரு விதமான படமும் எடுக்கப்படுகிறது. கடவுச்சீட்டுக்கான படத்தை 2015 முதல் அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோக்களே எடுத்து, நேரடியாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இணையவழி அனுப்புகின்றன. தேசிய அடையாள அட்டைக்கும் 2017 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தரத்துக்கமைந்த படம் வேண்டும். அங்கே தழும்பைத் தொடக்கூடாது, நிறத்தைத் தொடக்கூடாது, சிரிக்கவும்கூடாது. வாடிக்கையாளர் கையில் படம்கூடத் தரப்படுவதில்லை, பற்றுச்சீட்டு மாத்திரமே தரப்படுகிறது. கைமாறும் இடைவெளியில்தான் முகம் மாறும் என்பதை அரசாங்கம் அறிந்துவைத்திருக்கிறது. ஆக, ஒரே மனிதருடைய இரண்டு முகங்கள் ஒரே கணினியில் அடுத்தடுத்த கோப்புறைகளில் வாழ்கின்றன. நேர்முகத் தேர்வு நாளில் அவர் இரண்டையும் சட்டைப்பையிலும் கோவையிலுமாக எடுத்துச் செல்கிறார். வாயிற்காவலர் அடையாள அட்டையைப் பார்க்கிறார், உள்ளே இருப்பவர் கோவையைப் பார்க்கிறார். விண்ணப்பப் படம் இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எங்கும் எவரும் சொல்லவில்லை. அடையாளம் காட்டுவதற்கு என்றால் தொடவேகூடாது. தன்னை முன்வைப்பதற்கு என்றால் ஓரளவு தொடலாம். இரண்டையும் அது ஒருங்கே செய்ய முயல்வதனால்தான் இவ்வளவு குழப்பமும்.

கோட் எதையும் குறிப்பாகச் சாதிப்பதில்லை என்றேன். எல்லா உடைகளும் அத்தகையவையல்ல. அந்தத் தலையில்லா உடைகளின் கோப்புறையில் சற்றுக் கீழே இறங்கினால், சமையற்காரரின் இரட்டைப் பொத்தான் வெள்ளை மேலங்கி இருக்கிறது. கட்டட வேலைத்தளத்தின் ஒளிரும் மேற்சட்டையும் தலைக்கவசமும் இருக்கின்றன. பட்டமளிப்பு அங்கி இருக்கிறது. கழுத்தில் குழாய் தொங்கும் வைத்தியரின் மேலங்கியும் இருக்கிறது. வளைகுடா நாட்டு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் சமையற்காரரின் மேலங்கியை வைத்துத் தரும்படி கேட்கும்போது, அவர் கேட்பது மரியாதை வசனமன்று. தாம் ஒரு சமையலறையில் நின்றிருக்கிறார் என்னும் அநுபவச் சான்றிதழை, எழுத்தில் இல்லாத விதமாக, கேட்கிறார். தேசிய தொழிற்தகைமையின் நான்காம் நிலைச் சான்றிதழைப் பெறுவதற்கு ஒருவர் பயிற்சியும் செய்முறைப் பரீட்சையும் கடக்கவேண்டியிருக்க, இந்த மேலங்கி இருநூறு முந்நூறு ரூபாவோடு கிடைத்துவிடுகிறது. இதையே அவர் கோவையில் வாக்கியமாக எழுதியிருந்தால், கடைசிப் பக்கத்து உறுதிமொழி அதைப் பொய்யென்று பிடித்திருக்கும். உண்மையில் சமையற்காரராக உள்ளவர், மேலங்கி துவைக்கக் கிடந்ததால், ஒட்டு மேலங்கியோடு நிற்பாராயின் எனக்கு ஆட்சேபமில்லை. அதே படம், அதே மேலங்கி, ஒருவரில் மெய்யாகவும் மற்றவரில் பொய்யாகவும் இருக்கிறது. திரையை எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

ஓர் உடை எவ்வளவு உரத்துப் பேசக்கூடும் என்பதற்கு, முகமே கற்பனையான ஒருவருடைய படம் எங்களுக்குச் சாட்சி. வேணுகோபால சர்மா வரைந்து, தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட திருவள்ளுவரின் உருவம் வெண்ணிற ஆடையில் இருப்பது. 2019 நவம்பரில் தமிழக பாரதீய ஜனதாக் கட்சியின் சமூக ஊடகப் பக்கத்தில் அவர் காவியுடுத்துத் திருநீறு பூசித் தோன்றியபோது எழுந்த கோபம் எளிதில் அடங்கவில்லை. வள்ளுவர் எப்படியிருந்தார் என்று எவரும் அறியார். அதனால் அங்கே திரிக்கப்படுவதற்கு முகமென்று ஒன்றில்லை. நிறம் மாறிய துணி ஒன்றே அவருக்கு ஒரு சமயத்தைச் சூட்டிவிட்டது. பெண்களின் விஷயத்தில் இத்தகைய பேச்சு இன்னும் நுட்பமானது. எங்கள் பகுதியில் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் உரிய பெண்ணுடை சேலையே. சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்குச் சென்றதே 2022 நவம்பரில் நாடெங்கும் விவாதமாயிற்று. ஆனால் ஸ்ரூடியோவின் கோப்புறையில் பெண்களுக்கும் கோட்டே அதிகம். சேலையை ஒட்டுவது கடினம், மடிப்பு ஒவ்வொரு தோளிலும் ஒவ்வொரு விதமாக விழும், நீண்ட கூந்தல் முன்னால் கிடந்தால் வெட்டவே முடியாது. ஆகையால் சேலையில் அழகாக நிற்கும் பெண்ணின் படத்தைக்கூடக் கோட்டுக்கு மாற்றிக் கூந்தலைத் தோளுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறார்கள். அவள் அணிந்திருந்தது எங்கள் ஊர் அறிந்த தொழிலுடை. மாற்றி வைத்தது எங்கோ உள்ள ஒருவருடைய கற்பனையில் உள்ள தொழிலுடை. மயக்கப்பட்டவர் யார் என்று கேட்டால், படத்தைப் பார்த்தவரைவிட அந்தப் பெண்ணே என்று சொல்லத் தோன்றுகிறது.

அண்மைக்காலத்தில் பிள்ளைகள் ஸ்ரூடியோவுக்கும் செல்வதில்லை. கைத்தொலைபேசியிலுள்ள செயலியிடம் ஒரு படத்தைக் கொடுத்து, கோட் அணிவித்துத் தா என்றால் அரை நிமிஷத்தில் தந்துவிடுகிறது. கழுத்து பொருந்துகிறது, நிழல் விழுகிறது, பை இடப்பக்கத்திலேயே இருக்கிறது. நான் மேலே சொன்ன குறிகளில் ஒன்றும் அங்கே உதவாது. ஸ்ரூடியோக்காரர் முகத்தை வெட்டி எடுத்துக் கோட்டில் வைத்தார். ஆகவே முகம் எவ்வளவு தடவப்பட்டாலும் அடியில் அதுவே இருந்தது. இச்செயலிகளில் பல படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. முகத்தைப் பார்த்து அதைப் போன்ற இன்னொரு முகத்தை வரைகின்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் கண்மணிகள் ஒன்றின்மேலொன்று படியும்படி வைத்துப் பார்த்தால், காதின் மடல் மாறியிருக்கும், பல்வரிசை ஒழுங்காகியிருக்கும், தாடை ஒடுங்கியிருக்கும், புருவத் தழும்பு எவரும் கேளாமலே மறைந்திருக்கும். அந்தத் தாய் வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கே ஒரு கணம்கூட இல்லை. ஸ்ரூடியோவில் ஒவ்வொரு படிக்கும் 'விடட்டோ?' என்றொரு கேள்வி இருந்தது. அக்கேள்விகளின் இடைவெளியில் ஒருவர் தயங்கலாம், மறுக்கலாம், தாயைப் பார்க்கலாம். அந்தத் தயக்கத்துக்கான இடம் இல்லாமற் போனதே, பொருந்தாக் கழுத்துகளைவிட எனக்கு அதிகக் கலக்கத்தைத் தருகிறது.

ஒரு படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதற்காகவே கடைசிவரை இருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் பிரதேசத்தில் இருக்கமுடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரக் கொட்டகைகளில் பிடித்து நிற்கும் படங்களில், கோட்டும் ரையும் அணிந்த இளைஞர்களையும் காணலாம். இடம்பெயர்வுகளில் அல்பங்கள் சேற்றிலும் நெருப்பிலும் போனபின், ஒரு விண்ணப்பத்துக்காகவோ அட்டைக்காகவோ எடுத்துப் பையில் மடித்துவைத்த சிறு படமே பல வீடுகளில் மிஞ்சியது, அதைத்தான் பெருப்பித்திருக்கிறார்கள். இன்னொரு முகாமில், இன்னொரு வரிசையில் அத்தகைய இளைஞனொருவனைக் கண்டிருக்கக்கூடிய ஒருவர், சாரமும் கிழிந்த சேட்டுமாகக் கண்டவனை, வெளுத்த முகமும் கோட்டுமாக நிற்கும் அந்தப் படத்தில் அடையாளம் கண்டுகொள்வாரா என்று நினைக்கும்போது, கோட் ஒரு மரியாதை வசனமே என்று நான் முன்பு எழுதியதன் பலம் எனக்கே குறைந்து தோன்றுகிறது. படத்தை ஆக்கியவரும் ஆக்குவித்தவரும் ஒரு வேலையை மாத்திரமே எண்ணியிருந்தார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் வாயில்லை.

இக்காரணத்தால், கோவை பார்க்க வரும் பிள்ளைகளிடம் கோட்டைப் பற்றி நான் இப்போது வாதிடுவதில்லை. தொடப்படாத மூலப்படத்தை ஸ்ரூடியோக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறீரா என்று மாத்திரம் கேட்கிறேன். அநேகமாக இல்லை என்கிறார்கள். கணினியின் வட்டு நிறைந்தவுடன் பழைய கோப்புகளை அழித்துவிடுவது கடைகளின் வழக்கம். அழிப்பதில் முதலில் போவது மூலப்படமே, ஏனெனில் மறுபடி பிரதி கேட்டு வருகின்றவர்கள் கோட் வைத்ததைத்தான் கேட்கிறார்கள்.